ஷார்ஜாவில் இருக்கும் தம்பியைக் குடும்பப் படத்தில் சேர்த்தேன்: தலை பெரிதாக, கால் குட்டையாக நிற்கிறான். எங்கே பிழை?

மேலூர் கதிர்

அப்பாவின் 70ஆம் ஆண்டு சாந்திக்கு வீட்டுத் தாழ்வாரத்தில் எல்லோரையும் நிறுத்தி ஒரு படம் எடுத்தோம். ஃபுல் ஃப்ரேம் கேமரா, 35 மி.மீ. லென்ஸ், f/5.6, ட்ரைபாட். முன்வரிசையில் பெரியவர்கள் நாற்காலியில், பின்வரிசையில் நாங்கள். வலது ஓரத்தில் அண்ணனுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டிருந்தோம். விடுப்பு கிடைக்காமல் ஷார்ஜாவிலேயே தங்கிவிட்ட தம்பிக்கான இடம் அது.

அவன் அதே நிறச் சட்டை, வேட்டியோடு போனில் ஒரு படம் எடுத்து அனுப்பினான். வெட்டி, நிறம் சரிசெய்து, நிழலும் போட்டு வைத்துவிட்டேன். ஆனாலும் ஒட்டவில்லை. அவன் உயரத்தை அண்ணனுக்குச் சமமாக வைத்தால் தலை பூசணிக்காய் மாதிரி தெரிகிறது. தலையைச் சமமாக வைத்தால் பத்தாவது படிக்கும் பையன் உயரத்துக்கு வந்துவிடுகிறான். போனில் 26 மி.மீ., என்னிடம் 35 மி.மீ. அந்த வித்தியாசத்தை ஃபோட்டோஷாப்பில் எப்படிச் சரிசெய்வது?

ரவி_திண்டுக்கல்

ஒயிட் பேலன்ஸைப் பாருங்கள் கதிர். அங்கே டியூப் லைட், இங்கே வெயில். நிறம் ஒட்டாவிட்டால் எதுவுமே ஒட்டாது. கர்வ்ஸில் நீலத்தைக் கொஞ்சம் இறக்குங்கள்.

மேலூர் கதிர்

நிறம் சரியாகத்தான் இருக்கிறது ரவி. கருப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தாலும் தலை பெரிதாகவே தெரிகிறது.

கேமரா கிறுக்கன்

இது வைட் லென்ஸின் வேலை. 26 மி.மீ. முகத்தை வீங்க வைக்கும், 85 மி.மீ. ஒழுங்காகக் காட்டும். தம்பியை 3x லென்ஸில் எடுக்கச் சொல்லுங்கள், பிரச்சினை தீர்ந்தது. திரும்ப எடுக்க முடியாவிட்டால் கேமரா ராவில் வெர்ட்டிகல் ஸ்லைடரை இழுத்து நேராக்குங்கள்.

சுபா

படங்களை ஒட்டுவதுதான் என் தினசரி வேலை, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். கிறுக்கன் சொன்ன வைத்தியம் தற்செயலாகப் பலிக்கலாம், ஆனால் காரணம் அதுவல்ல. முகத்தை வீங்க வைப்பது லென்ஸ் இல்லை. கேமரா எவ்வளவு கிட்டே நின்றது என்பதுதான். ஒரே இடத்தில் நின்று 26இல் ஒன்றும் 85இல் ஒன்றும் எடுத்து, 26இன் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கினால் இரண்டும் அச்சாக ஒன்றாக இருக்கும். பிக்சல்தான் குறையும். வைட் லென்ஸ் வைத்திருப்பவர் ஃபிரேமை நிரப்பக் கிட்டே போய்விடுகிறார், பழி லென்ஸுக்கு வந்துவிடுகிறது.

கதிர், முதலில் இரண்டு விஷயம் சொல்லுங்கள். தம்பியின் படத்தை எடுத்தது யார், எவ்வளவு தூரத்தில் நின்று? குழுப் படத்தில் கேமரா எவ்வளவு தூரத்தில் இருந்தது?

மேலூர் கதிர்

அவன் அறைத் தோழர் எடுத்தாராம். நின்றபடி கண்ணுக்கு நேராகப் போனைப் பிடித்து, கால் தெரிவதற்காகக் கொஞ்சம் கீழே சாய்த்து எடுத்திருக்கிறார். சுமார் ஒன்றரை மீட்டர் தூரம், ஆள் ஃபிரேம் நிறைய வந்திருக்கிறான்.

என் தூரத்தை அளக்கவில்லை அக்கா. ஒரிஜினல் கோப்பு இருக்கிறது.

```
exiftool -FocalLength -FocalLengthIn35mmFormat -ImageSize group.jpg

Focal Length                    : 35.0 mm
Focal Length In 35mm Format     : 35 mm
Image Size                      : 6000x4000
```

சுபா

ஒரிஜினல் இருப்பது நல்லது. வாட்ஸ்அப்பில் படமாக வந்திருந்தால் இந்தத் தகவலெல்லாம் உதிர்ந்திருக்கும், அளவும் சுருங்கியிருக்கும். தம்பியிடமும் இனி டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

தூரத்தைப் படத்திலிருந்தே எடுத்துவிடலாம். உயரம் தெரிந்த ஒருவர் நேராக நின்றால் போதும். அண்ணனின் உயரம் எவ்வளவு, படத்தில் உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை எத்தனை பிக்சல்?

மேலூர் கதிர்

அண்ணன் 172 செ.மீ. அளந்தால் 2230 பிக்சல்.

சுபா

சென்சார் உயரம் 24 மி.மீ., அதில் 4000 பிக்சல். அப்படியானால் அண்ணன் சென்சாரில் 13.4 மி.மீ. உயரத்துக்கு விழுந்திருக்கிறார். 35ஐ 1720ஆல் பெருக்கி 13.4ஆல் வகுத்தால் ஏறக்குறைய 4500 வரும். கேமரா பின்வரிசையிலிருந்து நாலரை மீட்டரில் இருந்திருக்கிறது. படத்தை வெட்டியிருந்தால் இந்தக் கணக்கு பொய்யாகிவிடும். 6000x4000 முழுசாக இருப்பதால் நம்பலாம்.

இப்போது தம்பியின் படத்துக்கு வருவோம். ஒன்றரை மீட்டரில், 160 செ.மீ. உயரத்தில் போன், அவன் இடுப்பைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது. சாய்வு 26, 27 டிகிரி வரும். அந்தச் சாய்வில் போன் பார்க்கும் திசையிலேயே அளந்தால் தலை 1.34 மீட்டரில் இருக்கிறது, பாதம் 2.06 மீட்டரில். தலை, பாதத்தைவிட ஒன்றரை மடங்கு பெரிய அளவில் பதிவாகியிருக்கிறது. உங்கள் பூசணிக்காய் இதுதான். போனைச் சாய்க்காமல் நேராகப் பிடித்திருந்தால், அதே ஒன்றரை மீட்டரில்கூடத் தலைக்கும் காலுக்கும் இந்த வித்தியாசம் வந்திருக்காது.

கேமரா கிறுக்கன்

அப்படியென்றால் நான் சொன்ன வெர்ட்டிகல் ஸ்லைடர் சரிதானே? சாய்வைத்தானே அது எடுக்கிறது?

சுபா

பாதி சரி. கேமரா இருந்த இடத்திலேயே கழுத்தைத் திருப்பினால் வரும் மாற்றத்தை மென்பொருள் அப்படியே திருப்பிப் போட்டுவிடும். அதனால் தலைக்கும் காலுக்குமான விகிதம் ஒழுங்காகிவிடும். ஆனால் கேமரா இருந்த இடத்தை மாற்ற எந்த ஸ்லைடராலும் முடியாது. அந்த இடத்திலிருந்து எது தெரிந்ததோ அதுதான் படத்தில் இருக்கிறது.

பாதத்தைப் பாருங்கள் கதிர். தம்பியின் பாதத்தை 47 டிகிரி மேலிருந்து பார்க்கிறோம், விரல், புறங்கால் எல்லாம் விரித்துப் போட்ட மாதிரி தெரியும். அண்ணன் பாதம் 17 டிகிரியில், பட்டையாகத் தெரியும். ஸ்லைடரை இழுத்தால் அந்தப் பாதம் இன்னும் நீளும், பட்டையாகாது. முகத்திலும் இதே கதைதான். மூக்கு நுனிக்கும் காதுக்கும் சுமார் 12 செ.மீ. என்று வையுங்கள். ஒன்றரை மீட்டரில் மூக்கு, காதைவிட 8 சதவீதம் பெரிய அளவில் விழும். நாலரை மீட்டரில் 3 சதவீதம்கூட வராது. காது ஒடுங்கி, கன்னம் முன்னால் வந்த முகமாக அவன் மட்டும் நிற்பான்.

திரும்ப எடுக்க வழியிருந்தால் எடுத்துவிடுங்கள். அரை மணி நேர வேலை, பத்து மணி நேரத் தடவலை மிச்சப்படுத்தும்.

ஸ்டூடியோ பாண்டியன்

சுபா அம்மா சொல்வதெல்லாம் கணக்குப்படி சரி. ஆனால் பிலிம் காலத்தில் வர முடியாதவர்களையும் இறந்துபோனவர்களையும் பிளேடால் வெட்டி ஒட்டி, அதைத் திரும்பப் படமெடுத்துக் கொடுத்திருக்கிறோம். பாஸ்போர்ட் படத்திலிருந்து தலையை மட்டும் எடுத்து வேறு ஆள் உடம்பில் வைத்ததும் உண்டு. வீட்டில் மாட்டி ஐம்பது வருடமாகக் கும்பிடுகிறார்கள். யாரும் மூக்கையும் காதையும் அளக்கவில்லை.

ஒன்று மட்டும் நாங்கள் பார்ப்போம். அடிவானம். பாஸ்போர்ட் தலை எப்போதும் கண் மட்டத்தில் எடுத்தது, அது எங்கே வைத்தாலும் ஒட்டும். தரையோடு முழு ஆளை ஒட்டும்போதுதான் காட்டிக்கொடுக்கும்.

சுபா

அண்ணே, அந்தக் கடைசி வரிக்காகவே உங்களுக்கு ஒரு காபி. கதிர், அடுத்து அதுதான். படத்தில் தரை ஓடு தெரிகிறதா? உள்நோக்கி ஓடும் ஓட்டுக் கோடுகள் இரண்டை நீட்டுங்கள். அவை சந்திக்கும் உயரம்தான் கேமரா இருந்த உயரம். அந்தக் கோடு அண்ணனின் உடம்பில் எங்கே வெட்டுகிறது?

மேலூர் கதிர்

லைன் டூலில் நாலு ஓட்டு வரிசையை நீட்டினேன். எல்லாம் படத்தின் நடு உயரத்துக்குக் கிட்டத்தட்ட வந்து சேருகின்றன. அண்ணன் சட்டையில் மேலிருந்து இரண்டாவது பட்டனில் வெட்டுகிறது. அவரை நிற்க வைத்து அளந்தேன், தரையிலிருந்து 135 செ.மீ.

தம்பி படத்தில் அவன் அறை ஓட்டுக் கோடுகள் அவன் கண்ணுக்கு மேலே, புருவத்தருகே சேருகின்றன. இப்போதுதான் எனக்கே பளிச்சென்று புரிகிறது. நாங்கள் எல்லோரும் மார்பு மட்டத்திலிருந்து பார்க்கப்படுகிறோம், அவன் மட்டும் கண் மட்டத்திலிருந்து.

வாகன வேந்தன்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் பழைய கார் விற்கிறேன். வாசலில் போனில் எடுத்த காரை மலைப்பாதைப் படத்தில் ஒட்டினால் கார் மிதக்கிறது. நிழல் எவ்வளவு போட்டாலும் நிற்கவில்லை. இதே அடிவான விஷயம்தானா? நான் லென்ஸ் ப்ளர் போட்டுச் சமாளித்துக்கொண்டிருந்தேன்.

சுபா

அதேதான் வேந்தன். நீங்கள் நின்றபடி எடுத்திருப்பீர்கள், அதனால் காரின் கூரையே தெரியும். மலைப்பாதையைத் தாழ்வான கேமராவில் எடுத்திருந்தால் அங்கே அடிவானம் கார்க் கண்ணாடிக்குக் கீழே இருக்கும். கூரையும் தெரிந்து, அடிவானமும் கூரைக்குக் கீழே இருந்தால் கண்ணுக்கு அது பறக்கிற கார்தான். உங்களுக்குச் சுலபம், குத்த வைத்து எடுங்கள்.

கதிர், பின்புறத் தூண்கள் மேலும் கீழும் ஒரே அகலமாக, செங்குத்தாக நிற்கின்றனவா? அடிவானமும் நடு உயரத்திலேயே விழுவதைப் பார்த்தால் கேமரா சாயவில்லை. அப்படியானால் தம்பிக்கான உத்தரவு இது. போன் லென்ஸ் தரையிலிருந்து 135 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். ஸ்டாண்டு இல்லாவிட்டால் அலமாரித் தட்டில் புத்தகம் அடுக்கி வைக்கலாம். அவன் நிற்கும் இடம் வரை 4.5 மீட்டர், டேப்பால் அளக்கட்டும், காலடியால் வேண்டாம். கிரிட், லெவல் காட்டும் அமைப்பை ஆன் செய்துகொண்டு போனை அறவே சாய்க்காமல் வைக்கட்டும். போர்ட்ரெய்ட் மோட் வேண்டாம், அது ஓரங்களை மங்கலாக்கி வெட்டும் வேலையைக் கெடுக்கும்.

எத்தனை x என்பது இதற்குப் பிறகுதான். 4.5 மீட்டரில் மெயின் கேமரா, அதாவது 26 மி.மீ. சமம், போனை நிமிர்த்திப் பிடித்தால் ஆறு மீட்டர் உயரத்தைப் பார்க்கும். 172 செ.மீ. ஆள் 1160 பிக்சல்தான் வருவான், நமக்கு வேண்டியது 2230. இரண்டு மடங்கு பெரிதாக்கினால் முகம் மெழுகாகிவிடும். 2x வைத்தால் அதுவே 52 மி.மீ. சமம், மூன்று மீட்டர் உயரம், ஆள் 2320 பிக்சல். அதை 96 சதவீதமாகச் சுருக்கினால் போதும், அளவு பொருந்திவிடும்.

கேமரா கிறுக்கன்

ஆக 35க்கு 52 பொருந்துகிறது. அப்போது லென்ஸைச் சமமாக்க வேண்டிய தேவையே இல்லையா? நான் இத்தனை நாள் 35க்கு 35 என்றே தேடிக்கொண்டிருந்தேன்.

சுபா

ஆளை வெட்டி எடுத்து ஒட்டும்போது தேவையில்லை. பின்னணியையும் சேர்த்து ஒட்டினால் கதை வேறு. ஆனால் தம்பியிடம் ஒரு எச்சரிக்கை சொல்லுங்கள்: 2x போட்டதும் ஆளைப் பெரிதாக்கக் கிட்டே வரக் கூடாது. 2xஇல் ஆள் ஃபிரேம் நிறைய வர வேண்டுமென்றால் 3 மீட்டருக்கு வந்துவிடுவார்கள். தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் வெற்றிடம் கிடக்கட்டும். கிறுக்கன் சொன்ன 3x அவன் போனில் 77 மி.மீ. சமமாக இருந்தால், 4.5 மீட்டரில் ஆள் இரண்டு மீட்டர் உயர ஃபிரேமில் ஒட்டியும் ஒட்டாமலும் நிற்பான். அதனால்தான் தற்செயலாகப் பலிக்கலாம் என்றேன்.

நிலா

ஒரு சந்தேகம் அக்கா. தம்பி நிற்பது நடுவில் இல்லையே, வலது ஓரத்தில். போனில் நடுவில் நின்று எடுத்ததை ஓரத்தில் வைத்தால் பொருந்துமா? 35 மி.மீ. ஓரத்தில் முகத்தை இழுக்குமே.

சுபா

நல்ல கேள்வி, நான் மறந்தே போனேன். கதிர், நடுக்கோட்டிலிருந்து தம்பி இடம் எவ்வளவு தள்ளி?

மேலூர் கதிர்

2075 பிக்சல். அண்ணன் அளவை வைத்துப் பார்த்தால் மீட்டருக்கு 1296 பிக்சல், ஆக 1.6 மீட்டர்.

சுபா

அப்படியானால் கேமராவிலிருந்து 19, 20 டிகிரி ஓரத்தில் நிற்கிறான். இரண்டு விளைவு உண்டு. முதலாவது நிலா சொன்ன இழுவை. 20 டிகிரியில் அது 6 சதவீதம்தான். தம்பி லேயரின் அகலத்தை மட்டும் 106 ஆக்கினால் ஏறக்குறைய சரி.

இரண்டாவது பெரியது. பக்கத்தில் அண்ணன் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறார்? அவருடைய பட்டன் வரிசை கேமராவைப் பார்க்கிறதா, வரிசைக்கு நேராக முன்னால் பார்க்கிறதா?

மேலூர் கதிர்

நேராக முன்னால். முகம் மட்டும் கேமரா பக்கம் திரும்பியிருக்கிறது.

சுபா

அப்படியானால் குழுவில் அவருடைய வலப்பக்கத்தைத்தான் கேமரா கூடுதலாகப் பார்க்கிறது. தம்பி போனுக்கு முன்னால் விறைப்பாக நேரே நின்றால் அவன் மட்டும் தனியாக நம் பக்கம் திரும்பி நிற்பது போல இருக்கும். அவன் உடம்பை இடப்பக்கமாக 20 டிகிரி திருப்பிக்கொண்டு, கண்ணை லென்ஸில் வைக்கட்டும். 20 டிகிரியை எப்படி அளப்பது என்று கேட்பான். பாதத்திலிருந்து போனை நோக்கி 90 செ.மீ. போய், அங்கிருந்து அவன் இடப்பக்கம் 32 செ.மீ. தள்ளித் தரையில் ஒரு டேப் ஒட்டட்டும். வேட்டி முடிச்சு அந்த டேப்பைப் பார்த்தால் சரி.

ஸ்டூடியோ பாண்டியன்

அம்மா, அந்த 106ஐ முகத்துக்கும் போடச் சொல்கிறீர்களா? நான் போட மாட்டேன். ஓரத்து ஆளின் முகம் அகலமாக வந்தால் வாடிக்கையாளர் பணம் தர மாட்டார். நாங்கள் ஓரத்தில் நிற்பவரை ஒடுக்கித்தான் கொடுப்போம்.

சுபா

அண்ணனின் முகம் ஏற்கெனவே இழுபட்டுத்தான் இருக்கிறது அண்ணே. பக்கத்துப் பக்கம் நிற்கும் இரண்டு பேரில் ஒருவரை மட்டும் விட்டால் ஜாடையே மாறிவிடும். ஒடுக்குவதென்றால் இரண்டு பேரையும் ஒடுக்குங்கள்.

ஸ்டூடியோ பாண்டியன்

ஆறு சதவீதத்துக்கு இவ்வளவு சண்டையா. நான் முகத்தை விட்டுவிட்டுத் தோளிலிருந்து கீழே மட்டும் இழுப்பேன். என் கண்ணுக்கு அதுதான் அழகு.

நிலா

சில போன்கள் ஓரத்து முகங்களைத் தானாகவே ஒடுக்கிவிடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நடுவில் நிறுத்தி எடுப்பதற்கு அதுவும் ஒரு நல்ல காரணம்.

சுபா

ஆமாம், அந்தத் திருத்தத்தை எவ்வளவு செய்தது என்று கோப்பில் எங்கும் எழுதியிருக்காது. நடுவில் நின்றால் அந்தத் தலைவலி இல்லை.

மேலூர் கதிர்

எடுத்தாயிற்று. அவன் ஹாலில் 3.2 மீட்டர்தான் கிடைத்ததாம். படுக்கையறைக் கதவைத் திறந்து, போனை அறைக்குள் அலமாரியில் வைத்து, அவன் ஹால் சுவரோரம் நின்றிருக்கிறான். 2x, டைமர், ஆறு படம். டேப்பைப் பார்த்து நிற்கச் சொன்னதற்கு முதல் மூன்றில் வலப்பக்கம் திரும்பி நின்றிருக்கிறான். மீதி மூன்றும் நன்றாக இருக்கின்றன.

96 சதவீதம் சுருக்கி வைத்ததும் இரண்டாவது பட்டனில் அடிவானம் வந்து விழுந்தது. பாதம் அண்ணன் பாதம் போலவே பட்டையாக இருக்கிறது. அகலம் முகத்துக்கு 103, உடம்புக்கு 106 என்று இரண்டு கட்சிக்கும் நடுவில் வைத்தேன். எதற்கும் இணையத்தில் போடவில்லை, வீட்டுக் குழுவில் மட்டும் போட்டேன்.

அண்ணிதான் கண்டுபிடித்தார்: "சின்னவர் எப்போது அண்ணனைவிட உயரமானார்?" பெரிதாக்கிப் பார்த்தால் நாங்கள் எல்லோரும் வெறுங்கால், அவன் தடித்த ரப்பர் செருப்பு. அடி 3 செ.மீ. இருக்கும், அதாவது 39 பிக்சல்.

கேமரா கிறுக்கன்

39 பிக்சல் கீழே இறக்கி, செருப்பை அழித்துவிடுங்கள்.

மேலூர் கதிர்

இறக்கிவிட்டேன். அழித்தால் பாதத்துக்குப் பதில் மொழுக்கென்று ஒன்று வருகிறது. வேட்டிக் கரையைக் கொஞ்சம் இழுத்து, படத்தில் ஏற்கெனவே இருந்த குத்துவிளக்கைப் பிரதி எடுத்து முன்னால் வைத்துப் பார்த்தேன். இரண்டு விளக்கிலும் திரி ஒரே மாதிரி சாய்ந்து எரிவதை அம்மா பார்க்காமல் இருக்க வேண்டும்.

ஸ்டூடியோ பாண்டியன்

விளக்கு வேண்டாம் தம்பி. வெறுங்காலில் இன்னொரு படம் எடுக்கச் சொல்லுங்கள், முழங்காலுக்குக் கீழே மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அலமாரியில் புத்தகம் இன்னும் அடுக்கியபடியே இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.